கரை ஒதுங்கும் எழுத்துகள்

வாடைக் காற்றுத் தொடங்கிய பிறகு வல்வெட்டித்துறைக் கரையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒதுங்குவன எல்லாம் நம்மூர்க் குப்பைகள் அல்ல. கார்த்திகை, மார்கழியில் தொடங்கி, தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றும் நாள் வரையில், கடல் பல நாட்டுப் போத்தல்களையும் மூடிகளையும் சாக்குகளையும் கொண்டுவந்து போடும். அவற்றில் பலவற்றின் மேல் எழுத்து இருக்கும். ஆனால் அது தமிழும் அல்ல, சிங்களமும் அல்ல, ஆங்கிலமும் அல்ல.

இது தற்செயல் அல்ல. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வங்காள விரிகுடாவின் மேல்நீர் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டமும் அக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. ஆகவே பர்மா, தாய்லாந்து, வங்காளதேசம், ஒடிசா, ஆந்திரா ஆகிய பக்கங்களிலிருந்து கடலில் விழுந்த பொருள் மிதந்து நம் பக்கம் வரலாம். சோளகம் வீசும் மாதங்களில் ஓட்டம் திரும்பிவிடும்.

டியூசனில் என்னோடு படிக்கும் தோழி ஒருத்தி வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவள். அவளும் நானும் சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில் எழுத்துள்ள பொருட்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தோம். அவளுடைய பெரியப்பா கடற்றொழில் செய்பவர். ஒரு போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது பர்மாப் பக்கத்துச் சாமான், பிள்ளை. வாடை எழும்பினால் வரும்” என்றார். “எழுத்து வாசிப்பீங்களோ ஐயா?” என்று கேட்டேன். “வாசிக்கத் தெரியாது. வட்டம் வட்டமாய் இருந்தால் பர்மா” என்றார்.

அவர் சொன்னது சரியான தொடக்கம். ஒரு மொழியை வாசிக்கத் தெரியாமலே அதன் எழுத்தைக் கண்டு எந்தப் பக்கத்தது என்று ஊகிக்க முடியும். அதற்கு எழுத்துகளைத் தனித்தனியே உற்றுப் பார்க்கக் கூடாது. முதலில் வரியை முழுதாகப் பார்க்க வேண்டும். வரியின் தலையில் ஒரு கோடு ஓடுகிறதா? எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து செல்கின்றனவா, தனித்தனியே நிற்கின்றனவா? சொற்களுக்கிடையே இடைவெளி உண்டா? எழுத்துக்கு மேலும் கீழும் சிறு குறிகள் இருக்கின்றனவா? இந்த நான்கையும் பார்த்த பிறகே ஒரு தனி எழுத்துக்குப் போக வேண்டும். பிறநாட்டு எழுத்துகளை இங்கே அச்சிட்டுக் காட்ட வழியில்லாததால், நமக்குத் தெரிந்த உருவங்களைக் கொண்டே சொல்லுகிறேன்.

எங்களுக்குக் கிடைத்த முதலாவது நல்ல பொருள் ஒரு தண்ணீர்ப் போத்தல். அதைச் சுற்றியிருந்த நெகிழித் தாளில் பாதி கிழிந்துபோய், ஒரேயொரு வரி மட்டும் தெளிவாக மிஞ்சியிருந்தது. அதில் பதினைந்து உருவங்கள் இருந்திருக்கும். தலைக்கோடு இல்லை. எழுத்துகள் சேரவில்லை. ஏறத்தாழ எல்லாமே ஒரே அளவான வட்டங்கள். சிங்களமும் வட்டமான எழுத்துத்தானே என்று தோழி சொன்னாள். ஆனால் சிங்கள எழுத்தின் வட்டத்துக்குள் ஒரு சிறு சுருள் இருக்கும், கோலம் போடும்போது உட்பக்கம் இழுத்துவிடும் இழையைப் போல. அந்தப் போத்தலில் இருந்தவை வெறும் வளையல்கள். ஒவ்வொரு வளையலும் ஒவ்வோர் இடத்தில் உடைந்திருந்தது. ஒன்று மேலே திறந்திருந்தது, ஒன்று கீழே, ஒன்று வலப்பக்கம். ஒன்று உடையாமலே முழு வட்டமாக இருந்தது.

பர்மிய எழுத்தின் முதல் அடையாளம் இதுதான். மேலே திறந்த வளையல் ‘ப’ ஒலி, கீழே திறந்தது ‘க’ வரிசையில் வரும் மெல்லொலி, வலப்பக்கம் திறந்தது ‘ங’, முழு வட்டம் ‘வ’. ஒலியை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. திறப்பு இடம் மாறுவதே எழுத்தை மாற்றுகிறது என்பதை அறிந்தால் போதும். சிங்களத்திலோ மலையாளத்திலோ இப்படி இல்லை.

இரண்டாவது அடையாளம் எழுத்துக்குப் பின்னால் வரும் இரண்டு புள்ளிகள். நாம் பட்டியல் எழுதும்போது இடும் முக்காற்புள்ளியைப் போலவே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பர்மிய மொழியில் அது ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி, அடிக்கடி வரும். ஒரே வரியில் மூன்று நான்கு முக்காற்புள்ளிகள் தெரிந்தால் பர்மியம் என்ற எண்ணம் பலப்படும். மூன்றாவது அடையாளம், சில எழுத்துகளை இடப்பக்கமிருந்து மேலும் கீழுமாக அணைத்துக்கொள்ளும் ஒரு கோடு, பெட்டியின் ஒரு பக்கம் திறந்ததைப் போல. இதை வேறு எந்த எழுத்திலும் நான் கண்டதில்லை.

நான்காவது அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது தமிழ் தெரிந்தவர்களின் கண்ணுக்கு உடனே படக்கூடியது. ‘கொ’ என்று எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? ககரத்துக்கு இடப்பக்கம் ஒரு கொம்பும் வலப்பக்கம் ஒரு காலும் வைக்கிறோம். ‘க’வுக்குப் பின் ஒலிக்கும் உயிரின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. இது எல்லா எழுத்திலும் நடப்பதல்ல. ஆனால் பர்மியத்தில் அப்படியே நடக்கிறது. அங்கேயும் ஒரு கொம்பு இடப்பக்கம், ஒரு கால் வலப்பக்கம். மலையாளத்திலும், சிங்களத்திலும், வங்காளத்திலும், ஒடியாவிலும், கம்போடியரின் கெமர் எழுத்திலும் கொம்பும் காலும் உண்டு. தாய் எழுத்திலும் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும் உயிர்க்குறிகள் உண்டு.

காரணம், இவை எல்லாம் பிராமி என்ற ஒரே தாயின் பிள்ளைகள். வல்வெட்டித்துறை இருக்கும் அதே வடமராட்சியில், வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேட்டில் இருப்பதும் பிராமி எழுத்துத்தான். அதன் மொழி பிராகிருதம். வங்காள விரிகுடாவைச் சுற்றி உள்ள எழுத்துகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தவை என்பதால், அவற்றைப் பிரித்தறிவது சகோதரிகளைப் பிரித்தறிவதைப் போலத்தான். முதலில் எல்லாரும் ஒன்றாகவே தெரிவார்கள். ஆனால் கொம்பு எங்கே நிற்கிறது என்ற கேள்வி உதவுகிறது. இந்தியின் தேவநாகரியில் ‘கொ’ எழுத இடப்பக்கம் எதுவும் வராது. தெலுங்கிலும் கன்னடத்திலும் வராது. ஆகவே பல எழுத்துகளுக்கு முன்னால் திரும்பத் திரும்ப ஒரே சிறு உருவம் வந்து நின்றால், தெலுங்கையும் கன்னடத்தையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம்.

பர்மிய எழுத்து ஏன் இத்தனை வட்டம் என்பதற்கு ஓலையில் எழுதியதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வர். எழுத்தாணியால் நீளமாகக் கோடு இழுத்தால் ஓலை நரம்பு வழியே கிழிந்துவிடும், எனவே வளைத்து எழுதினார்கள் என்பது விளக்கம். பனையோடு வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு இது எளிதில் விளங்கும். ஆனாலும் நம் முன்னோரும் ஓலையில்தான் எழுதினார்கள். ‘ட’வும் ‘ப’வும் இன்றும் நேர்கோடாகவே இருக்கின்றன. ஆகவே ஓலை மட்டும் முழுக் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

போத்தலுக்கு வருவோம். நான்கு அடையாளங்களும் பொருந்தின. இருந்தாலும் எழுத்தைக் கண்டறிவது வேறு, மொழியைக் கண்டறிவது வேறு. பர்மிய எழுத்தைப் பர்மியர் மட்டுமன்றி மொன், ஷான், கரேன் மக்களும் சிறு மாற்றங்களுடன் தம் மொழிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு வரியைக் கொண்டு அவர்களைப் பிரிக்க எங்களால் முடியாது. ஆனால் அவர்கள் எல்லோரும் பெரும்பாலும் அந்த ஒரே நாட்டிலும் அதன் எல்லையிலும் வாழ்பவர்கள் என்பதால் இடம் மாறப்போவதில்லை. பிறகு, தாளின் கிழியாத மூலையில் பட்டைக்குறி இருப்பதைக் கண்டோம். அதன் முதல் மூன்று இலக்கங்கள் 883. அது மியன்மாருக்கு வழங்கப்பட்ட முன்னெண். தாய்லாந்துக்கு 885, இந்தியாவுக்கு 890, இந்தோனேசியாவுக்கு 899, மலேசியாவுக்கு 955, இலங்கைக்கு 479. இந்த எண் பொருள் எங்கே செய்யப்பட்டது என்று சொல்வதில்லை, நிறுவனம் எந்த நாட்டில் பதிந்தது என்பதையே சொல்கிறது. ஆனால் எழுத்தும் எண்ணும் ஒரே இடத்தைக் காட்டும்போது ஊகம் உறுதியாகிறது. 1,500 கிலோமீற்றருக்கு மேல் மிதந்து வந்த போத்தல் அது. ஒருகாலத்தில் வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் அரிசி ஏற்றிக்கொண்டு திரும்பிய அதே திசையிலிருந்து வந்திருக்கிறது.

அடுத்தது எங்களை நிறைய நேரம் சுற்றவைத்த ஒரு மூடி. தாய் எழுத்துக்குப் புத்தகங்கள் சொல்லும் அடையாளம், ஒவ்வோர் எழுத்தும் ஒரு குட்டி வளையத்தில் தொடங்கும் என்பது. பேனாவை வைத்ததும் ஒரு சிறு முடிச்சுப் போட்டுவிட்டுப் பிறகு உயரமாக இழுப்பார்கள். முடிச்சு, உயரமான நேர்கோடுகள், மேலே இரண்டு அடுக்காகச் சிறு குறிகள், சொற்களுக்கிடையே இடைவெளியின்மை ஆகிய எல்லாம் சேர்ந்தால் தாய். பக்கத்து நாடான லாவோசின் எழுத்தும் இதைப் போன்றதே, ஆனால் இன்னும் உருண்டையானது. லாவோசுக்குக் கடற்கரை இல்லை என்பதால் எங்கள் வேலை எளிது. கம்போடியரின் கெமர் எழுத்திலோ பல எழுத்துகளின் தலையில் குடுமி போன்ற வளைவு இருக்கும், எழுத்துக்குக் கீழே இன்னோர் எழுத்தும் தொங்கும்.

ஆனால் அந்த மூடியில் முடிச்சே இல்லை. ஆங்கில எஸ் போல ஒன்று, யூ போல ஒன்று, டபிள்யூ போல ஒன்று, சிறிய என் போல ஒன்று. தோழி அதை ஆங்கிலமாகவே வாசிக்க முயன்றாள். எந்தச் சொல்லும் வரவில்லை. உண்மையில் அது தாய் எழுத்துத்தான். இன்றைய விளம்பரங்களிலும் பொதிகளிலும் அழகுக்காக முடிச்சை எடுத்துவிடுகிறார்கள். முடிச்சு போனதும் பல எழுத்துகள் இலத்தீன் எழுத்தின் உருவத்துக்கு வந்துவிடுகின்றன. காட்டிக்கொடுத்தது எழுத்தல்ல, எழுத்துக்கு மேலே நின்ற குறிகள். யூவுக்கு மேலே ஒரு தொப்பியும் அந்தத் தொப்பிக்கு மேலே இன்னொரு கோடும் இருந்தன. வியட்நாமிய மொழியும் இலத்தீன் எழுத்தின் மேல் இப்படி இரண்டு குறி அடுக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே சொற்கள் மிகச் சிறியவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் இடைவெளி விழும். இங்கே இடைவெளி இல்லை.

தாய்லாந்துப் பொருளில் இன்னொரு வேடிக்கை உண்டு. சிலவற்றில் காலாவதித் திகதி 2567 என்பதுபோல இருக்கும். ஐந்நூறு ஆண்டு கெடாத பானம் என்று நினைக்க வேண்டாம். அது பௌத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 2024 வரும்.

தலைக்கோடு உள்ள எழுத்துகளுக்கு அதிக நேரம் தேவையில்லை. துணி காயப்போட்ட கொடியைப் போல ஒரு கோட்டிலிருந்து எழுத்துகள் தொங்கினால் அது பெரும்பாலும் இந்தியின் தேவநாகரி அல்லது வங்காளம். வங்காள எழுத்து முக்கோணங்கள் நிறைந்தது, கூர்மூலை உடையது. தேவநாகரியில் முக்கோணத்துக்குப் பதில் உருண்டை வயிறும் வலப்பக்கம் நேரான தூணும் இருக்கும். கொடியில் தொங்கும் முக்கோணத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் அது வங்காள ரகரம். அதே முக்கோணத்தில் புள்ளி இல்லாமல் உள்ளே ஒரு சாய்கோடு இருந்தால் அது அஸ்ஸாமிய ரகரம். இந்த ஓர் எழுத்தே இரண்டு மொழிகளையும் பிரித்துவிடும். ஆனால் வங்காள எழுத்து கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் பொது. எந்தப் பக்கம் என்று எழுத்து சொல்லாது. உணவுப் பொதியாக இருந்தால் சிறு சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் மரக்கறி உணவுக்கு அது கட்டாயக் குறி. ஒடியாவுக்குத் தலைக்கோட்டுக்குப் பதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குடை. தெலுங்குக்கு, ஆசிரியை போடும் ‘சரி’ அடையாளம் போல ஒரு சிறு கீற்று எழுத்தின் தலையில் இருக்கும். அந்தக் கீற்றின் இடத்தில் கன்னடத்துக்குப் படுக்கைக் கோடு.

இலத்தீன் எழுத்துப் பொருட்களும் வரும். மலேசியாவும் இந்தோனேசியாவும் ஏறத்தாழ ஒரே மொழியை ஒரே எழுத்தில் எழுதுகின்றன. அங்கே எழுத்து கைவிட்டுவிடும், சொல்தான் வேண்டும். எங்களுக்கு உதவியது நாம் எல்லோரும் அறிந்த ஓர் அரபுச் சொல். மலேசியப் பொதியில் காலாவதித் திகதியை ‘தாரீக் லூபுட்’ என்று போடுகிறார்கள். தாரீக் என்பது அரபியில் திகதி. இந்தோனேசியர் திகதியைத் ‘தங்கால்’ என்பர். ஆகவே காலாவதி எண்ணுக்குப் பக்கத்தில் தாரீக் என்று இருந்தால் மலேசியாவை முதலில் நினைக்கலாம்.

அரபு எழுத்துக்கு இப்போது வருகிறேன். இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம் என்பதால் இது நமக்கு மிக எளிது என்று தோன்றும். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் கடினமாகப் பட்டது. பிற எழுத்தில் நாம் உருவத்தைப் பார்க்கிறோம். அரபு எழுத்தில் கண் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிடுகிறது, உடனே அரபு மொழி என்று முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் இந்த எழுத்தைப் பாரசீகரும் உருது பேசுவோரும் மலாயரும் எழுதியிருக்கிறார்கள். நம் மூத்தம்மாமார் அறபுத்தமிழ்க் கிதாபுகளை ஓதியதும் இதே எழுத்தில்தான்.

பிரித்தறியும் வழி, குர்ஆனில் காணாத எழுத்து ஏதேனும் இருக்கிறதா என்று தேடுவது. ‘பா’வுக்குக் கீழே ஒரு புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி இருந்தால் அரபு மொழிக்கு வாய்ப்புக் குறைவு. அது அரபியில் இல்லாத ‘ப’ என்ற வல்லொலி. பாரசீகத்திலும் உருதுவிலும் அது உண்டு. ஓர் எழுத்தின் தலையில் குட்டித் ‘தோ’ ஒன்று ஏறியிருந்தால் அது உருது. ட, ட போன்ற நாமடி ஒலிகளுக்கு அவர்கள் செய்துகொண்ட வழி அது. மலாயரின் ஜாவி எழுத்தில் ‘ப’ ஒலிக்கு ‘பா’வை எடுக்கவில்லை, ‘ஃபா’வின் மேல் மூன்று புள்ளி வைத்தார்கள். ‘ங’ ஒலிக்கு ‘ஐனின்’ மேல் மூன்று புள்ளி வைத்தார்கள். அறபுத்தமிழில் ட, ண, ள, ழ, ங முதலியவற்றுக்கெல்லாம் புள்ளி கூட்டப்பட்ட எழுத்துகள் உண்டு. எ, ஒ என்ற உயிர்களுக்கு அரபியில் இல்லாத குறிகளும் உண்டு. பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் குறிகள் இடப்பட்டிருக்கும். எண்கள் இருந்தால் இன்னும் எளிது. ஐந்தைப் பாருங்கள். அரபு நாடுகளில் ஐந்து ஒரு சிறு வட்டம். பாரசீகத்திலும் உருதுவிலும் அது தலைகீழான இதயம்.

மாறாக, அரபு மொழியாக இருந்தால் ‘அலிஃப் லாம்’ என்று தொடங்கும் சொற்கள் பல வரும். இரண்டு புள்ளி வைத்த வட்டத் ‘தா’ சொல்லின் முடிவில் அடிக்கடி வரும். மூன்று சொல்லே உள்ள துண்டில்கூட இவற்றுள் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும்.

இதைச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கடலில் வருவன எல்லாம் போத்தல்கள் அல்ல. 2022 டிசெம்பரில் வெற்றிலைக்கேணிக் கடலில் தத்தளித்த படகொன்றிலிருந்து 104 ரோஹிங்கியா மக்களைக் கடற்படையினர் மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தனர். 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்காலில் இன்னொரு படகு, நூற்றுக்கு மேற்பட்டவர்களுடன் வந்தது. இவை கரைசேர்ந்த படகுகள். சேராதவையும் உண்டு. அப்படி ஒரு படகிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி மட்டும் ஒதுங்கினால், அதில் எந்த எழுத்து இருக்கும்?

எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. மியன்மாரில் பள்ளிக்கூடம் போனவர் பர்மிய எழுத்தில் எழுதியிருக்கலாம். மதரஸாவில் படித்தவர் அரபியிலோ உருதுவிலோ எழுதியிருக்கலாம். வங்காளதேசத்துக் கொக்ஸ் பசார் முகாமில் வாங்கிய மருந்துத் துண்டு என்றால் வங்காள எழுத்தாகவோ ஆங்கிலமாகவோ இருக்கும். ரோஹிங்கியா மொழியை இலத்தீன் எழுத்தில் எழுதுவோரும் உள்ளனர். இவற்றோடு, மௌலானா முஹம்மத் ஹனீஃப் 1980களில் அமைத்த ஹனீஃபி ரோஹிங்கியா எழுத்தும் உண்டு. 2018இல் அது கணினி எழுத்துகளின் யுனிகோட் தொகுப்பிலும் சேர்க்கப்பட்டது. அதுவும் வலமிருந்து இடமாகச் சேர்த்து எழுதப்படுவது. தூரத்திலிருந்து பார்த்தால் அரபு போல இருக்கும். கிட்டப்போய் வாசிக்கத் தொடங்கினால் ஓர் எழுத்தும் பிடிபடாது. வலமிருந்து இடம் போகிறது, சேர்ந்து போகிறது, ஆனால் அலிஃபும் லாமும் எங்குமே தென்படவில்லை என்றால் இந்த எழுத்தை நினைக்க வேண்டும்.

ஒரே படகிலுள்ளவர்களின் கையில் இத்தனை எழுத்துகள். ஒன்றை மட்டும் கண்டு, உருதுத் துண்டு, ஆகவே பாகிஸ்தானியர் என்றோ, அரபுத் துண்டு, ஆகவே அரபு நாட்டுக் கப்பல் என்றோ சொல்லிவிட்டால், தேட வேண்டிய உறவினர்களைத் தவறான நாட்டில் தேட நேரும். துண்டு ஒன்றில் இரண்டு எழுத்துகள் சேர்ந்திருந்தால் ஊகம் கூர்மையாகும். பர்மிய எழுத்தும் வங்காள எழுத்தும் ஒரே கடதாசியில் இருக்க வேண்டிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

எழுத்து இருக்கும் இடமும் அது வந்த இடமும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று கொழும்புத் தேசிய அரும்பொருட்சாலையில் இருக்கும் காலிக் கல்வெட்டு. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். அதில் மூன்று எழுத்துகள். ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் தமிழ், அதன் கீழே அரபு எழுத்து. காலியில் கிடைத்த, தமிழும் அரபு எழுத்தும் உள்ள கல் என்று மட்டும் கேட்டால், நம்மூர்ச் சோனக வணிகர் யாரோ செதுக்கியது என்றுதான் நினைப்போம். ஆனால் கல் சீனாவின் நான்சிங்கில் 1409இல் பொறிக்கப்பட்டு, செங் ஹோ என்ற கடற்றளபதியின் கப்பலில் வந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில்கொண்ட தென்னாவர நாயனாரையும், மூன்றாவது பகுதி அல்லாஹ்வையும் போற்றிக் காணிக்கைகளைச் சொல்கின்றன. அந்த மூன்றாவது பகுதியின் எழுத்து அரபு, மொழி பாரசீகம். எழுதியவர் யார் என்பதைவிட, யார் வாசிக்க வேண்டும் என்று எழுதினார் என்பதையே எழுத்து காட்டுகிறது. நம் கடைகளில் கிடைக்கும் தாய்லாந்து ரின் மீனின் மேல் சிங்களமும் தமிழும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கடலிலும் இந்தச் சிக்கல் உண்டு. சீன எழுத்துப் போத்தல்கள் எங்களுக்கு மூன்று கிடைத்தன. சீன எழுத்தைக் காண்பது எளிது. ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவான சதுரத்துக்குள் நெருக்கமாகக் கோடுகள் நிரம்பியிருக்கும். அவற்றுக்கிடையே மிக எளிய வளைவெழுத்துகள் கலந்திருந்தால் ஜப்பான், சதுரத்துக்குள் சிறு முழுவட்டங்கள் தெரிந்தால் கொரியா. எங்களுடையவை சீனமே. ஆனால் சீனக் கரையிலிருந்து மலாக்காவைக் கடந்து ஒரு போத்தல் மிதந்து வல்வெட்டித்துறைக்கு வருவதைவிட, அப்பால் செல்லும் கப்பலிலிருந்து யாரோ எறிந்தது வருவதே எளிது. இதற்குப் பெரியப்பா ஒரு வழி சொன்னார். “சிப்பி பிடிச்சிருக்கோ எண்டு பார், பிள்ளை. கன நாள் மிதந்ததெண்டால் காம்பு வைச்ச சிப்பி ஒட்டியிருக்கும். வெறுஞ் சாமானெண்டால் கிட்டத்தில போட்டது.” பர்மியப் போத்தலின் அடிப்பக்கம் நிறைய அந்தச் சிப்பிகள் இருந்தன. சீனப் போத்தல்கள் மூன்றும் கடையில் வாங்கியதைப் போல வழுவழுவென்று இருந்தன. ஆகவே அவற்றை எழுத்துக்கு ஒரு பெட்டி, வந்த வழிக்கு ஒரு பெட்டி என்று இரண்டு விதமாகக் குறித்து வைத்தோம்.

ஒரு மூடி மட்டும் இன்னும் எந்தப் பெட்டியிலும் இல்லை. நீல நிறம், சிப்பி ஒட்டிய தழும்புகள் நிறைய, நடுவில் அச்சில் வார்த்த ஒரு முழு வட்டம். பர்மியத்தில் அது ‘வ’வாக இருக்கலாம். பர்மிய எண்ணில் பூச்சியமும் அதே வட்டம்தான். நம் பூச்சியமும் அப்படியே. ஆங்கில ஓவாகவும் இருக்கலாம், அச்சுக்காரர் வைத்த வெறும் அடையாளமாகவும் இருக்கலாம். தோழி அதைத் தன் மேசை லாச்சியில் வைத்திருக்கிறாள்.